ஸ்பானிய மொழியின் நடுப்பால் சுட்டிடைச்சொல் ‘லோ’: முக்கியக் குறிப்புகள்

அடிப்படை

- ஸ்பானிய மொழியின் வரையறுத்த சுட்டிடைச்சொற்கள் ஐந்து: எல், லா, லோஸ், லாஸ், லோ.
- எல் ஆண்பால் ஒருமை. லா பெண்பால் ஒருமை. லோஸ், லாஸ் அவற்றின் பன்மைகள். லோ நடுப்பால்.
- லோவுக்குப் பன்மை இல்லை. அதைத் தொடரும் வினை பெரும்பாலும் ஒருமை, படர்க்கை.
- ஸ்பானிய மொழியில் நடுப்பால் பெயர்ச்சொல் ஒன்றுகூட இல்லை. எல்லாப் பெயர்ச்சொற்களும் ஆண்பால் அல்லது பெண்பால். எனவே லோ ஒரு பெயர்ச்சொல்லுக்கு முன்னே நேரடியாக வருவதில்லை. வருவது பெயரடைக்கு முன், வினையடைக்கு முன், ‘கே’ என்னும் இணைப்புச் சொல்லுக்கு முன், ‘தே’ என்னும் முன்னிடைச் சொல்லுக்கு முன்.
- பொருள்: பெயரிடப்படாத பொருள், பண்பு, கூறு, செய்தி. ‘லோ புவேனோ’ என்றால் நல்ல பகுதி, நல்ல அம்சம். ‘நல்லவன்’ அன்று, ‘நல்ல பேனா’வும் அன்று.
- ஆங்கிலத்தில் இதற்கு நிகரான தனிச்சொல் இல்லை. ‘திங்’, ‘பார்ட்’, ‘வாட்’, ‘ஹவ்’ என இடத்துக்கு ஒரு சொல்லைத் தேட வேண்டும். ஆங்கில வழியில் ஸ்பானிய மொழி கற்போர் தடுமாறும் இடங்களில் இது ஒன்று.

தோற்றம்

- இலத்தீன் மொழியில் சுட்டிடைச்சொல் கிடையாது. ‘அந்த’ என்னும் பொருளுள்ள இல்லே, இல்லா, இல்லுத் என்னும் சுட்டுப்பெயர்களே பின்னர் சுட்டிடைச்சொற்களாகத் தேய்ந்தன.
- இல்லே (ஆண்பால்) எல் ஆயிற்று. இல்லா (பெண்பால்) லா ஆயிற்று. இல்லுத் (நடுப்பால்) லோ ஆயிற்று.
- இலத்தீனின் நடுப்பால் பெயர்கள் பெரும்பாலும் ஸ்பானிய மொழியில் ஆண்பாலாயின: தெம்ப்ளும் > தெம்ப்ளோ (கோயில்), வீனும் > வீனோ (திராட்சை மது). நடுப்பால் பன்மை வடிவங்கள் சில பெண்பால் ஒருமையாயின: ஃபோலியா > ஓஹா (இலை).
- பெயர்ச்சொல்லில் அழிந்த நடுப்பால் சுட்டிலும் பதிலிடு பெயரிலும் மட்டும் பிழைத்தது. எஞ்சிய வடிவங்கள்: எயோ, எஸ்தோ, எசோ, அகேயோ, லோ.

இலக்கண நூல்களில் லோ

- 1492: அந்தோனியோ தெ நெப்ரிஹாவின் காஸ்தெயானோ இலக்கணம், சலமாங்காவில் அச்சு. அச்சேறிய முதல் நவீன ஐரோப்பிய வட்டார மொழி இலக்கணம் எனப் பொதுவாகக் குறிப்பிடப்படுவது. இவர் கணக்கில் சுட்டிடைச்சொற்கள் மூன்று: எல், லா, லோ. நடுப்பால் என்பதை ‘லோ’ சேரும் பால் என்றே இவர் வரையறுத்தார்.
- 1713: ஸ்பானிய அரச கழகம் (ரெயால் அகாதேமியா எஸ்பாஞோலா) நிறுவல். 1771: கழகத்தின் முதல் இலக்கணம்.
- 1847: அந்த்ரேஸ் பெயோவின் இலக்கணம், அமெரிக்கக் கண்டத்தின் ஸ்பானிய மக்களுக்காக எழுதப்பட்டது. பெயோ பிறப்பு 1781, கராகாஸ். இறப்பு 1865, சாந்தியாகோ. லோவை எயோ என்பதன் குறுகிய வடிவமாகவும் பெயர்த்தன்மை உடையதாகவும் கொண்டவர்.
- 2009: அரச கழகமும் ஸ்பானிய மொழிக் கழகங்களின் கூட்டமைப்பும் சேர்ந்து வெளியிட்ட புதிய இலக்கணம். இதிலும் லோ தனிக் கவனம் பெறுகிறது.
- லோ சுட்டிடைச்சொல்லா, பெயர்ச்சொல்லா என்னும் விவாதம் பெயோ காலம் முதல் தொடர்வது. தேர்வில் விடை: ‘நடுப்பால் சுட்டிடைச்சொல்’.

இரண்டு லோ: குழப்பம் தவிர்க்க

- சுட்டிடைச்சொல் லோ: பின்னால் பெயரடை, ‘கே’, ‘தே’ வரும். எ.கா. லோ இம்போர்த்தாந்தே (முக்கியமானது).
- பதிலிடு பெயர் லோ: வினைக்கு முன்னே நிற்கும். எ.கா. லோ சே (அது எனக்குத் தெரியும்).
- ‘நீ களைத்திருக்கிறாயா?’ என்று ஒரு பெண்ணைக் கேட்டால் விடை: ‘சீ, லோ எஸ்தோய்’ (ஆம், அப்படித்தான்). பெண் பேசினாலும் லோ மாறாது, ‘லா’ ஆகாது. பெயரடையின் பொருளை ஏற்று நிற்பது என்பதால் பால் இல்லை.
- அடையாளம்: லோவுக்கு அடுத்த சொல் வினைமுற்று என்றால் அது பதிலிடு பெயர்.

லோ + பெயரடை

- இவ்வகையில் பெயரடை எப்போதும் ஆண்பால் ஒருமை வடிவில்: லோ புவேனோ (நல்லது), லோ மாலோ (கெட்டது), லோ மெஹோர் (மிகச் சிறந்தது), லோ பெயோர் (மிக மோசமானது), லோ திஃபீசில் (கடினமானது), லோ நெசெசாரியோ (தேவையானது).
- வரிசை எண்ணுப்பெயர்: லோ ப்ரிமெரோ (முதலாவது செய்ய வேண்டியது).
- இறந்தகால எச்சம்: லோ திச்சோ (சொல்லப்பட்டது), லோ எச்சோ (செய்யப்பட்டது), லோ ஒகுர்ரிதோ (நிகழ்ந்தது).
- உடைமைச் சொல்: லோ மீயோ (என்னுடையது; என் விருப்பத் துறை), லோ நுவெஸ்த்ரோ (நம்முடையது; நமக்கிடையே உள்ளது, குறிப்பாகக் காதல் உறவு).
- பழமொழிகள்: ‘லோ பராத்தோ சாலே காரோ’ (மலிவானது விலை அதிகமாகவே முடியும்). ‘லோ ப்ரொமெத்தீதோ எஸ் தெஉதா’ (வாக்களித்தது கடன்). ‘லோ கோர்த்தேஸ் நோ கீத்தா லோ வாலியெந்தே’ (பணிவு வீரத்தைக் குறைக்காது).
- நூல், திரைப்படத் தலைப்புகள்: ‘லோ ஃபாத்தால்’, ரூபென் தாரியோவின் கவிதை, 1905 தொகுப்பில். ‘லோ இம்போசீப்ளே’, ஹுவான் அந்தோனியோ பயோனா இயக்கிய படம், 2012, தாய்லாந்தில் 2004 சுனாமியில் சிக்கிய ஒரு குடும்பத்தின் கதை.

லோ, எல்: தேர்வின் மையப் புள்ளி

- ‘எல் புவேனோ’ = நல்லவன், அல்லது (முன்பே பேசப்பட்ட ஆண்பால் பொருள்களில்) நல்ல ஒன்று. ‘லோ புவேனோ’ = நல்ல அம்சம். பால் மட்டுமல்ல, பொருளே வேறு.
- சோதனை: பெயரடைக்குப் பின்னே ஒரு பெயர்ச்சொல்லைப் பொருத்திப் பார்க்கவும். ‘எல் (லிப்ரோ) நுவெவோ’ என லிப்ரோ (நூல்) பொருந்தினால் எல். பொருந்தும் பெயர் எதுவும் இல்லை, ‘விஷயம்’, ‘அம்சம்’ என்ற பொதுச்சொல் மட்டுமே பொருந்தும் என்றால் லோ.
- சான்று: செர்ஹியோ லெயோனே இயக்கிய 1966 படத்தின் ஸ்பெயின் நாட்டுத் தலைப்பு ‘எல் புவேனோ, எல் ஃபெயோ இ எல் மாலோ’. மூன்று மனிதர்களைக் குறிப்பதால் மூன்றுமே எல். லோ இட்டால் நல்லது, அசிங்கமானது, கெட்டது எனப் பண்புகளாகிவிடும். துப்பாக்கி ஏந்திய மூவர் மறைந்துவிடுவர்.
- புணர்ச்சி: எல் மட்டும் முன்னிடைச் சொற்களுடன் இணையும். அ + எல் = அல். தே + எல் = தெல். லோ இணையாது: அ லோ, தே லோ என்றே நிற்கும்.
- பொருள் வேறுபாடு: ‘ஆப்லார் தெல் மாலோ’ = வில்லனைப் பற்றிப் பேசுதல். ‘ஆப்லார் தே லோ மாலோ’ = கெட்ட அம்சத்தைப் பற்றிப் பேசுதல். ஓர் எழுத்தளவு வேறுபாட்டில் மனிதன் பண்பாகிறான்.
- இத்தாலிய எச்சரிக்கை: இத்தாலிய மொழியிலும் ‘லோ’ உண்டு, ஆனால் அது ஆண்பால் சுட்டிடைச்சொல்லின் ஒலிமாற்ற வடிவம் (லோ ஸ்துதெந்தே, மாணவன்). நடுப்பாலோடு தொடர்பில்லை.

லோ கே

- பொருள்: ‘எதுவோ அது’. ‘லோ கே திசெஸ்’ = நீ சொல்வது. ‘லோ கே கியெரோ’ = நான் விரும்புவது. ‘தோதோ லோ கே’ = எதெல்லாமோ அதெல்லாம்.
- மிகவும் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு ஒரு திரைப்படத் தலைப்பு: மார்கரெட் மிட்செல்லின் 1936 நாவலிலிருந்து உருவான 1939 அமெரிக்கப் படத்துக்கு ஸ்பானிய உலகில் பெயர் ‘லோ கே எல் வியெந்தோ செ யெவோ’ (காற்று அடித்துச் சென்றது). ஆங்கிலத் தலைப்பில் ‘எது போயிற்று’ என்பதற்குச் சொல்லே இல்லை. ஸ்பானியத் தலைப்பில் அந்த இடத்தை லோ நிரப்பியது.
- லோவுக்குப் பின் வரும் ‘கே’க்கு அழுத்தக்குறி இல்லை. ‘நோ சே லோ கே கியெரே’ = ‘நோ சே கே கியெரே’ (அவனுக்கு என்ன வேண்டும் என்று தெரியவில்லை). இரண்டாவது வடிவத்தில் கே அழுத்தக்குறி பெறும், முதலாவதில் பெறாது. அழுத்தக்குறி இட்ட கேயை லோவோடு சேர்ப்பது எழுத்து மொழியில் பிழை.
- நேர்வினாவில் லோ கே இல்லை: ‘கே கியெரெஸ்?’ (உனக்கு என்ன வேண்டும்?).
- முழு வாக்கியத்தைச் சுட்டும் பயன்பாடு: ‘யெகோ தார்தே, லோ கே மெ மொலெஸ்தோ’ (அவன் தாமதமாக வந்தான், அது எனக்கு எரிச்சலூட்டியது). இங்கு லோ கே இடத்தில் ‘லோ குவால்’ வரலாம். இந்த ஓர் இடத்தில் மட்டுமே இரண்டும் சமம். ‘நீ சொல்வது’ என்னும் முதல் வகையில் ‘லோ குவால்’ பிழை.
- பன்மை விலக்கு: ‘லோ கே மெ குஸ்தா சோன் லோஸ் லிப்ரோஸ்’ (எனக்குப் பிடித்தவை நூல்கள்). எழுவாய் லோ கே என்றாலும், ‘ஆகு’ பொருள் தரும் வினை பின்வரும் பன்மையோடு ஒத்து ‘சோன்’ ஆகும். தமிழிலும் இவ்விடத்தில் ‘பிடித்தவை’ என்றே வருவது கவனிக்கத்தக்கது.

லோ கேயும் வினைவடிவமும்

- தெரிந்த பொருள் என்றால் உறுதிநிலை வினை. தெரியாத, எதுவானாலும் என்ற பொருள் என்றால் ஐயநிலை வினை (சுபுந்தீவோ).
- ‘ஆஸ் லோ கே கியெரெஸ்’ = நீ விரும்பும் (குறிப்பிட்ட) அதைச் செய். ‘ஆஸ் லோ கே கியெராஸ்’ = என்ன வேண்டுமோ அதைச் செய்.
- வேறுபாடு ஓர் உயிரெழுத்து: கியெரெஸ், கியெராஸ். கேள்வித்தாளில் அடிக்கடி கோடிட்ட இடமாக வருவது.
- நிலைத்த தொடர்கள்: ‘லோ கே செயா’ (எதுவானாலும்), ‘பாசே லோ கே பாசே’ (என்ன நடந்தாலும்), ‘லோ கே பாசா எஸ் கே’ (விஷயம் என்னவென்றால்).

ஒப்பீட்டில் ‘தே லோ கே’

- இரண்டு பொருள்களை ஒப்பிட்டால் கே மட்டும்: மாஸ் ஆல்த்தோ கே பேத்ரோ (பேத்ரோவை விட உயரம்).
- பின்னே ஒரு முழு வினைத்தொடர் வந்தால் ‘தே லோ கே’: ‘எஸ் மாஸ் திஃபீசில் தே லோ கே பரேசே’ (தோன்றுவதை விடக் கடினம்).
- ஒப்பிடப்படுவது பெயர்ச்சொல் என்றால் லோ விலகிப் பால் திரும்பும்: ‘மாஸ் லிப்ரோஸ் தே லோஸ் கே நெசெசீத்தா’ (தேவைப்படுவதை விட அதிக நூல்கள்), ‘மாஸ் தினேரோ தெல் கே தெனியா’ (இருந்ததை விட அதிகப் பணம்).
- விதி: பெயரடை, வினையடை ஒப்பீடு எனில் லோ, பெயர்ச்சொல் ஒப்பீடு எனில் அப்பெயரின் பாலும் எண்ணும். தமிழ் இரண்டிலும் ‘-தை விட’ என்று ஒரே வடிவம் தருவதால் இது தமிழ் வழிக் கற்போருக்குச் சற்று வலிய பொறி.

‘எல் கே’, ‘லோ கே’ வேறுபாடு

- ‘எல் கே யெகோ தார்தே’ = தாமதமாக வந்தவன். ‘லோ கே யெகோ தார்தே’ = தாமதமாக வந்த பொருள்.
- இன்னொரு ‘எல் கே’யும் உண்டு: ‘எல் கே ஆயாஸ் வெனிதோ’ (நீ வந்திருப்பது என்ற செய்தி). இங்கு எல், பெயர்ச்சொல் போன்ற செய்தித்தொடரைத் தாங்குகிறது, வினை ஐயநிலை. ‘எல் எச்சோ தே கே’ (என்ற உண்மை) என்றும் விரிப்பர்.
- பிழை: செய்தி, நிகழ்வு என்ற பொருளில் லோ கே இடுவது. ‘லோ கே ஆயாஸ் வெனிதோ’ இந்தப் பொருளில் ஏற்கத்தகாதது.

தமிழ் ‘-து’வோடு ஒப்பீடு

- தமிழில் நல்லது, முக்கியமானது, சொன்னது, நடந்தது: ஒன்றன்பால் வினையாலணையும் பெயர்கள், குறிப்பு வினையாலணையும் பெயர்கள். லோ புவேனோ, லோ இம்போர்த்தாந்தே, லோ கே திஹிஸ்தே, லோ ஒகுர்ரிதோ ஆகியவற்றுக்கு நேரான வடிவம். ஆங்கிலம் வழியே சுற்றிச் செல்வதை விடத் தமிழிலிருந்து நேராக ஸ்பானிய மொழிக்குச் செல்வது இங்குக் குறுக்கு வழி.
- ஆனால் தமிழ் ‘-து’ ஸ்பானிய லோவை விட அகன்றது. ஒரே வடிவம் நான்கு பொருள் தரும். ஸ்பானிய மொழியில் நான்கும் வெவ்வேறு.
- முதலாவது, பண்பு அல்லது அம்சம்: ‘நல்லது என்னவென்றால்’ = லோ புவேனோ.
- இரண்டாவது, பேச்சில் உள்ள பொருளில் ஒன்று: ‘(பேனாக்களில்) நல்லது எடு’ = எல் புவேனோ அல்லது லா புவேனா. அஃறிணைப் பெயர்கள் எல்லாம் தமிழில் ஒரே ‘-து’ பெறும்; ஸ்பானிய மொழியில் அவற்றுக்கும் ஆண், பெண் உண்டு. பால் தேர்வு அப்பெயரைப் பொறுத்தது.
- மூன்றாவது, ‘எதைச் சொன்னானோ அது’: ‘அவன் சொன்னது பிடித்தது’ = லோ கே திஹோ.
- நான்காவது, ‘சொன்ன செயல்’: ‘அவன் நேரில் வந்து சொன்னது பிடித்தது’ = கே லோ திஹேரா. இதில் வரும் லோ பதிலிடு பெயர்.
- மூன்றுக்கும் நான்குக்கும் சோதனை: வாக்கியத்தை ‘என்ன சொன்னான்?’ என்று கேட்க முடிந்தால் லோ கே. ‘சொன்னான் என்ற செய்தி’ எனப் பெயர்த்தால் பொருந்தினால் தனி ‘கே’.

வடிவ ஆய்வு: ஒரு பத்தி

கொடுக்கப்பட்ட பத்தி: மரியா இரண்டு வீடுகள் பார்த்தாள். பெரியது விலை அதிகம். சின்னது ரயில் நிலையத்துக்கு அருகில். நல்லது என்னவென்றால், உரிமையாளர் அவசரத்தில் இருக்கிறார். அவர் சொன்னது அவளுக்குப் பிடித்தது. அவர் நேரில் வந்ததும் பிடித்தது. அந்தத் தெரு எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று அவள் நினைத்தே பார்க்கவில்லை.

- ‘பெரியது’: பின்னே ‘வீடு’ பொருந்தும். வீடு = காசா, பெண்பால். விடை: லா கிராந்தே எஸ் காரா. லோ கிராந்தே என எழுதினால் ‘பெரிதாயிருக்கும் தன்மை’ என்று பொருள் தடம் புரளும்.
- ‘சின்னது’: அதே காரணம். விடை: லா பெக்கேஞா.
- ‘நல்லது என்னவென்றால்’: பின்னே ‘வீடு’ பொருந்தாது, ‘அம்சம்’ மட்டும் பொருந்தும். விடை: லோ புவேனோ எஸ் கே எல் துவேஞோ தியேனே ப்ரீசா. ‘லா புவேனா’ என எழுதினால் நல்ல வீட்டைத் தேடும்.
- ‘அவர் சொன்னது’: ‘என்ன சொன்னார்?’ என்று கேட்க முடியும். விடை: லே குஸ்தோ லோ கே திஹோ.
- ‘அவர் நேரில் வந்தது’: ‘என்ன வந்தார்?’ என்று கேட்க இயலாது. வந்தார் என்ற செய்தியே. விடை: லே குஸ்தோ கே வினியேரா. லோ கே இட்டால் பிழை. இந்த வாக்கியமே பத்தியில் மிகப் பல மதிப்பெண்களைப் பறிப்பது.
- ‘எவ்வளவு அமைதி’: லோ + பெயரடை + கே. விடை: நோ செ இமஹினாபா லோ த்ராங்கீலா கே எரா லா காயே. த்ராங்கீலா என்பது பெண்பால் வடிவம். காயே (தெரு) பெண்பால் என்பதால்.
- அதே பத்தியில் ‘வீடு’ இடத்தில் ‘கார்’ (கோச்சே, ஆண்பால்) வந்தால் முதல் இரண்டு விடைகள் மட்டும் எல் கிராந்தே எஸ் காரோ, எல் பெக்கேஞோ என மாறும். லோ உள்ள விடைகள் அசையாது.

லோ + பெயரடை + கே: இணக்கம் மீளும் இடம்

- பொருள்: ‘எவ்வளவு’, ‘எத்தனை’ என்ற மிகுதி. வினாச்சொல் எதுவும் இல்லாமலே வியப்பு.
- இங்குப் பெயரடை ஆண்பால் ஒருமையில் உறையாது; எழுவாயோடு இணங்கும். லோ புவேனோ வகையில் உறையும். இதுவே வேறுபாடு.
- ‘நோ சாபெஸ் லோ கன்சாதாஸ் கே எஸ்தான்’ (அவர்கள் எவ்வளவு களைத்திருக்கிறார்கள் தெரியுமா, பெண்கள்). ஆண்கள் எனில் கன்சாதோஸ்.
- சுட்டிடைச்சொல் மட்டும் லோவாகவே நிற்கும். ‘லாஸ் கன்சாதாஸ் கே எஸ்தான்’ இந்தப் பொருளில் பிழை.
- வினையடையுடன் இணக்கம் கிடையாது: ‘லோ பியென் கே கந்தா’ (எவ்வளவு நன்றாகப் பாடுகிறாள்), ‘லோ லெஹோஸ் கே வீவெ’ (எவ்வளவு தொலைவில் வசிக்கிறான்).
- ஆங்கில ‘ஹவ்’வை நினைத்து இங்கு ‘கோமோ’ எழுதுவது பழகுநர் பிழை. கோமோ என்பது முறையைக் கேட்பது, அளவைக் கேட்பதன்று.

லோ தே

- பொருள்: ‘அந்த விஷயம்’. ‘லோ தே அயேர்’ = நேற்று நடந்த விவகாரம். ‘லோ தே ஹுவான்’ = ஹுவான் தொடர்பான விவகாரம்.
- விவரம் கேட்பவருக்கும் சொல்பவருக்கும் முன்பே தெரிந்தது என்பது உட்குறிப்பு. தெரியாதவரிடம் சொன்னால் ‘எந்த விவகாரம்?’ என்றே பதில் வரும்.
- அர்ஜென்டினா, உருகுவே வழக்கு: ‘வோய் அ லோ தே ஹுவான்’ = ஹுவான் வீட்டுக்குப் போகிறேன். வட்டாரப் பொருள், ஸ்பெயின் வழக்கில் இல்லை.

மனப்பாடத் தொடர்கள்

- போர் லோ மேனோஸ் (குறைந்தபட்சம்). போர் லோ தாந்தோ (ஆகையால்). போர் லோ ஹெனெரால் (பொதுவாக).
- அ லோ மெஹோர் (ஒருவேளை). சொல்லுக்குச் சொல் ‘மிகச் சிறந்ததுக்கு’. பொருளில் தொடர்பே இல்லை. ‘ஒருவேளை’ என்ற பொருள் இருந்தும் வினை உறுதிநிலையிலேயே வரும். மற்ற ‘ஒருவேளை’ச் சொற்கள் (கிசாஸ், தால் வேஸ்) ஐயநிலையும் ஏற்கும், இது ஏற்காது.
- அ லோ லார்கோ தே (நெடுகிலும்). அ லோ லெஹோஸ் (தொலைவில்). எந் லோ சுசெசீவோ (இனிமேல்).
- லோ ஆந்தெஸ் போசீப்ளே (இயன்றவரை விரைவில்). கடிதங்களில் அதிகம்.
- அ லோ + பெயரடை: ‘அந்தப் பாணியில்’. அ லோ கிராந்தே (ஆடம்பரமாக), அ லோ லோகோ (கண்மூடித்தனமாக).

அண்டை மொழிகள்

- பிரெஞ்சு: தனி நடுப்பால் சுட்டிடைச்சொல் இல்லை. லோ கேக்கு நிகர் ‘ஸ கீ’, ‘ஸ க’.
- போர்த்துகீசியம்: ஆண்பால் ‘ஊ’வே நடுப்பால் வேலையையும் செய்யும். எனவே எல், லோ வேறுபாடு அங்குச் சுட்டிடைச்சொல்லில் தெரியாது.
- கத்தலான்: நெறிமுறை மொழியில் நடுப்பால் ‘லோ’ ஸ்பானியத் தாக்கமாகக் கருதி விலக்கப்படுவது, ஆண்பால் ‘எல்’லே போதும் என்பது விதி. பேச்சில் லோ பரவலாகக் கேட்பது.
- ஜெர்மன்: ‘தஸ் கூதே’ (நல்லது). நடுப்பால் பெயர்ச்சொற்களும் உள்ள மொழி என்பதால் ‘தஸ்’ தனியானதன்று. ஸ்பானிய லோவைப் போல் நடுப்பாலுக்கென்று ஒதுக்கிய சிறப்புச் சொல் ஆகாது.
- ஜெர்மன் மொழியில் கான்ட் எழுதிய 1764 நூலின் ஸ்பானியத் தலைப்பு ‘லோ பெயோ இ லோ சுப்லீமே’ என்று லோவை இருமுறை எடுக்கும். அழகானது, உன்னதமானது எனும் இரு பண்புகளும் தனித்தனியே எண்ணப்படுவதால் லோ இரண்டாவது முறை விடுபடவில்லை.

விடைத்தாளில் காணும் பிழைகள்

- ‘லோ கோசா புவேனா’: கோசா (பொருள், பெண்பால்) வந்துவிட்டது, லோ விலக வேண்டும். சரி: லோ புவேனோ, அல்லது லா கோசா புவேனா.
- ‘லோ புவேனா’: ஆண்பால் ஒருமை மறந்த பிழை. சரி: லோ புவேனோ.
- ‘லோஸ் புவேனோ’: லோவுக்குப் பன்மை உருவாக்கிய பிழை. ‘லோஸ் புவேனோஸ்’ உண்டு, அது ‘நல்லவர்கள்’.
- ‘தெல் கே திசெஸ்’, ‘நீ சொல்வதைப் பற்றி’ என்ற பொருளில்: லோ முன்னிடைச் சொல்லோடு இணையாது. சரி: தே லோ கே திசெஸ்.
- ‘நோ சே எல் கே கியெரே’, ‘என்ன வேண்டும்’ என்ற பொருளில்: ஆண்பால் சுட்டு தவறு. சரி: நோ சே லோ கே கியெரே.
- ‘லோ குவால் திசெஸ்’, ‘நீ சொல்வது’ என்ற பொருளில்: லோ குவால் முன் வந்த வாக்கியத்தைச் சுட்டும், புதிதாகத் தொடங்க இயலாது. சரி: லோ கே திசெஸ்.